ஹெச் பைலோரி: டெஸ்ட், மருந்து, திரும்பவும் பாசிட்டிவ் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் ஒரு குடல் மருத்துவரின் கிளினிக்குக்குப் பக்கத்துக் கட்டடத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கிளினிக்கில் கேட்கத் தயங்கியதையெல்லாம் மக்கள் என் கவுன்டரில் கேட்பார்கள். வயிற்றுப்புண் கிருமியைப் பற்றிய கேள்விகள் மட்டும் வருஷக்கணக்காக மாறவே இல்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

நடுநடுவே காங்கயத்துக்காரர் ஒருவர் வருவார். வயது 46, கொப்பரை உலர்களத்தில் மேஸ்திரி. மூன்று முறை மருந்து சாப்பிட்டு, மூன்றாவது முறைதான் குணமானவர். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். இதிலுள்ள மருந்து அளவுகள் உங்கள் சீட்டைப் புரிந்துகொள்வதற்கு மட்டும். சீட்டு எழுத வேண்டியது மருத்துவர்.

வயித்துல கிருமின்னு சொல்றாங்க. அது பூச்சி மாதிரிங்களா?

இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா அது. பூச்சி மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. முழுப்பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. வயிற்றின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் சளிப்படலத்துக்குள் வாழும். அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் இதை வளர்த்துக் காட்டினார்கள். 2005-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள்.

அமிலத்துக்குள் பிழைக்க இந்தக் கிருமியிடம் ஒரு வழி இருக்கிறது. யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து, யூரியாவை உடைத்து, தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கிக்கொள்ளும். அம்மோனியா அமிலத்தை முறித்துவிடும். இந்த யூரியேஸை நினைவில் வையுங்கள், டெஸ்ட் பற்றிச் சொல்லும்போது திரும்ப வரும்.

காரம் தின்னா வருமுங்களா? நாங்க வீட்டுல காரமே போடறதில்லை.

காரத்தால் வராது. காரம் இருக்கிற புண்ணை எரிய வைக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே, வாய் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேர்கிறது. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது இருக்கும். முக்கால்வாசிப் பேருக்கு ஒரு தொந்தரவும் தராது. சிலருக்குப் புண் வரும், மிகச் சிலருக்குப் பல வருஷம் கழித்து இரைப்பைப் புற்றுநோய் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994-லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளில் சேர்த்துவிட்டது.

வயிற்றுப்புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரை. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் தினமும் போடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

பாதிப் பேருக்கு இருக்குதுன்னா, எல்லாரும் டெஸ்ட் எடுத்துக்கோணுங்களா?

தேவையில்லை. இருந்தால் மருந்து சாப்பிடுவோம் என்ற நிலையில் உள்ளவர்கள் எடுத்தால் போதும். புண் இருப்பவர்கள், முன்பு இருந்தவர்கள், மாதக்கணக்கில் மேல்வயிற்று வலியோ வயிறு உப்புசமோ உள்ளவர்கள், அப்பா அம்மா உடன்பிறப்பு யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள், நெடுநாள் ஆஸ்பிரின் சாப்பிட வேண்டியவர்கள், காரணம் தெரியாமல் இரும்புச்சத்து குறைந்துகொண்டே போகிறவர்கள். வெறும் நெஞ்செரிச்சலுக்கு மட்டும் இந்தக் கிருமியைத் தேட வேண்டியதில்லை.

மலம் தார் மாதிரி போவது, ரத்த வாந்தி, தானாக எடை குறைவது, சோறு தொண்டையில் இறங்காமல் நிற்பது – இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு டெஸ்ட்டைப் பற்றி யோசிக்காமல் நேராக எண்டோஸ்கோபிக்குப் போங்கள். அறுபதை நெருங்கும் வயதில் புதிதாக வயிற்றுத் தொந்தரவு ஆரம்பித்தாலும் அப்படித்தான்.

ரத்தம், மலம், ஊதறது, கேமராங்கறாங்க. இதுல எதுங்க சரி?

ஊதும் டெஸ்ட்டும் மலத்தில் எடுக்கும் ஆன்டிஜென் டெஸ்ட்டும் நல்லவை. இப்போது உயிரோடு கிருமி இருக்கிறதா என்பதை இரண்டும் சொல்லும். ஊதும் டெஸ்ட்டில் அடையாளம் வைத்த கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அதை உடைக்கும், அந்தக் கார்பன் மூச்சில் வெளியே வரும். கார்பன் 13 வகையில் கதிரியக்கம் கிடையாது. கார்பன் 14 வகையில் மிகக் குறைவாக இருக்கும், அதனால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதைச் செய்வதில்லை. இரண்டுக்குமே வெறும் வயிற்றோடு போக வேண்டும். காலையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆன்டிஜென் டெஸ்ட்டுக்கு மலம் கொடுப்பவர்கள் அன்று காலை எடுத்ததை நேரே லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பைக் டேங்க் கவரில் வைத்து வெயிலில் சந்தைக்குப் போய்விட்டு மத்தியானம் கொடுக்காதீர்கள். தண்ணியாகப் போகிற நாளில் எடுப்பதும் வேண்டாம், முடிவு தவறலாம்.

எண்டோஸ்கோபி செய்யும்போது வயிற்றுச் சுவரில் துளி சதை கிள்ளி யூரியா உள்ள ஜெல்லில் போடுவார்கள். நிறம் மாறினால் பாசிட்டிவ். எண்டோஸ்கோபிக்கு வேறு காரணம் இருந்தால் அதோடு சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். கிருமி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் கேமரா விழுங்க வேண்டியதில்லை.

ரத்தத்துல பாசிட்டிவ்னு வந்துருச்சுங்க. உடனே மருந்து ஆரம்பிச்சரலாமா?

அதை மட்டும் வைத்து வேண்டாம். ரத்த டெஸ்ட் பார்ப்பது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை. கிருமி செத்துப்போன பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும்.

காங்கயத்துக்காரருக்கு இதனால் என்ன ஆனது என்று சொல்கிறேன். எண்டோஸ்கோபியில் சிறுகுடலின் தொடக்கத்தில் புண், ஜெல் டெஸ்ட் பாசிட்டிவ். முதல் மருந்தைச் சாப்பிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு லேபில் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் எடுத்தார். அதில் ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்தது. அதைப் பார்த்து ஊரில் ஒருவர் அதே மருந்தை இன்னொரு தடவை எழுதிக் கொடுத்தார். அப்போது கிருமி இருந்ததா இல்லையா என்பதை அந்த ரிப்போர்ட் சொல்லவே முடியாது. மருந்து சாப்பிட்ட பிறகு குணமானதா என்று பார்க்க ரத்த டெஸ்ட் எடுப்பது வீண்செலவு.

டெஸ்ட்டுக்கு முன்னால கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்றாங்க. நிறுத்துனா எரிச்சல்ல உசுரு போகுதுங்களே?

கஷ்டம்தான். ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பான்டோபிரசோல், ரபிபிரசோல், ஒமிபிரசோல், எசோமிபிரசோல் எல்லாம் அமிலத்தைக் குறைக்கும் ஒரே குடும்பம். அமிலம் குறைந்தால் கிருமியின் எண்ணிக்கை குறையும், இருக்கிறவையும் வயிற்றின் கீழ்ப்பகுதியை விட்டு மேல்பகுதிக்கு நகர்ந்துவிடும். யூரியேஸ் வேலையும் மந்தமாகும். கிருமி சாகாது, ஆனால் டெஸ்ட்டில் சிக்காது. நெகட்டிவ் என்று வரும். அதனால் இந்த மாத்திரைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். எந்த ஆன்டிபயாடிக்காக இருந்தாலும், புண்ணுக்குத் தரும் பிஸ்மத் என்ற மருந்தும்கூட, நான்கு வாரம் முன்பே.

காங்கயத்துக்காரருக்கு இரண்டாவது கிட் முடிந்தும் வலி திரும்பியது. மல டெஸ்ட் எடுத்தார், நெகட்டிவ். கிருமி போய்விட்டது, இது வெறும் கேஸ் என்று சொல்லிவிட்டார்கள். டெஸ்ட் எடுத்த அன்று காலையிலும் பான்டோபிரசோல் போட்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் அதை மருந்தாகவே நினைக்கவில்லை. அது தினமும் காலையில் பல் துலக்குவது மாதிரி அவருக்கு. இப்படிப்பட்ட நெகட்டிவை நம்பக் கூடாது. பாசிட்டிவ் வந்திருந்தால் அது பெரும்பாலும் உண்மை.

அந்த இரண்டு வாரத்துக்கு ஜெலுசில் மாதிரி அமிலத்தை முறிக்கும் சிரப் குடிக்கலாம். ஃபேமோடிடின் மாத்திரையும் பான்டோபிரசோல் அளவுக்கு டெஸ்ட்டைக் கெடுக்காது, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போடலாம். ஆனால் இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் கிளோபிடோகிரெலும் சாப்பிடுகிறவர்கள், சமீபத்தில் புண்ணிலிருந்து ரத்தம் போனவர்கள், தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது.

ஒரே கிருமிக்கு எதுக்குங்க இத்தனை மாத்திரை?

ஒரு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் இந்தக் கிருமி சாவதில்லை. அதற்கு ஈடுகொடுக்கும் சில மிஞ்சி, அவையே பெருகிவிடும். அதனால்தான் இரண்டு ஆன்டிபயாடிக். கூடவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை காலையும் இரவும். அது எரிச்சலுக்காக மட்டுமில்லை. அமிலம் அதிகமாக இருக்கும்போது கிருமி பெருகாமல் சும்மா இருக்கும், சும்மா இருப்பதை அமாக்சிசிலின் கொல்லாது. அமிலம் நன்றாகக் குறைந்தால் கிருமி பெருக ஆரம்பிக்கும், அப்போதுதான் மருந்து வேலை செய்யும்.

கடையில் நான் அதிகம் பார்ப்பது மூன்று மருந்து முறை: அமில மாத்திரை, அமாக்சிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மி.கி., தினம் இரண்டு வேளை. நான்கு மருந்து முறையில் அமில மாத்திரையோடு பிஸ்மத், டெட்ராசைக்ளின் 500 மி.கி., மெட்ரோனிடசோல் வரும். அமில மாத்திரை இரண்டு வேளை, மற்றவை தினம் மூன்று நான்கு வேளை. மாத்திரைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மிரளுவார்கள். ஆனால் கிளாரித்ரோமைசினுக்கு மசியாத கிருமி பெருகிவிட்ட நம் நாட்டில், அதற்கு மசியுமா என்று சோதிக்காமல் கொடுப்பதானால், முதல் முறைக்கே இந்த நான்கு மருந்து முறைதான் பொருத்தம் என்பது என் எண்ணம். சமீபத்திய வழிகாட்டு நெறிகளும் அப்படித்தான் சொல்கின்றன. டெட்ராசைக்ளின் எல்லாக் கடையிலும் கிடைக்காதது ஒரு சங்கடம். கிடைக்கவில்லை என்று டாக்ஸிசைக்ளினை மாற்றிக் கொடுத்தால் அந்த அளவுக்குப் பலன் இருக்காது. இரண்டு நாள் பொறுத்து வரவழைத்துத் தரச் சொல்லுங்கள்.

ஏழு நாள் கிட்டு போதாதுங்களா? பதினாலு நாளைக்குக் காசு அதிகமாகுதே.

போதாது. ஏழு நாளை விடப் பதினான்கு நாளில் அதிகம் பேருக்குக் குணமாகிறது, அதனால்தான் இப்போது பதினான்கு நாள் எழுதுகிறார்கள். சில பழைய கிட்டுகளில் அமாக்சிசிலின் 750 மி.கி.தான் இருக்கும், நாளும் குறைவு, அளவும் குறைவு.

காசு இல்லாதபோது பாதி வாங்கிக்கொண்டு போகிறார்கள், மீதியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று. ஐந்தாவது நாள் வலி நின்றுவிடும். அப்புறம் யாரும் வருவதில்லை. கையில் பணம் இல்லை என்றால் ஒரு வாரம் தள்ளி ஆரம்பியுங்கள். புண்ணுக்கான அமில மாத்திரையை மட்டும் அதுவரை சாப்பிட மருத்துவர் சொல்வார். பாதியில் நின்ற சிகிச்சை, மருந்துக்குப் பழகிய கிருமியைத்தான் விட்டுவைக்கும்.

நான் ஒரு வேளைகூட விடாம சாப்பிட்டேனுங்க. அப்பறம் ஏன் போகலை?

இரண்டு காரணங்களைத் தேடுங்கள். முதலாவது, இந்த வயிற்றுக் கிருமிக்காக இல்லாமல் இதுவரை நீங்கள் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்குகள். சளி, காய்ச்சல், தொண்டை வலி என்றால் மூன்று நாளைக்கு அசித்ரோமைசின் 500. பேதி என்றால் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை. நம் பக்கம் இது இரண்டையும் சீட்டில்லாமல் கேட்டு வாங்குகிறார்கள், கொடுக்கவும் செய்கிறார்கள். அசித்ரோமைசின் கிளாரித்ரோமைசினுக்குப் பங்காளி. ஒன்றுக்கு மசியாத கிருமி மற்றதற்கும் மசியாது. ஆர்னிடசோல் மெட்ரோனிடசோலுக்கும், ஆஃப்லாக்சசின் இந்தக் கிருமிக்குத் தரும் இன்னொரு மருந்தான லெவோஃப்லாக்சசினுக்கும் அதே மாதிரி. தொண்டை வலிக்காகச் சாப்பிட்ட ஒற்றை மருந்து வயிற்றுக் கிருமி மேலும் படுகிறது, கொல்லாமல் பழக்கிவிட்டுப் போகிறது.

காங்கயத்துக்காரரிடம் மருத்துவர் கேட்டதும் இதைத்தான். களத்தில் தூசி, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை தொண்டை கட்டும், ஒவ்வொரு தடவையும் அசித்ரோமைசின். இது தெரியாமல் எழுதிய கிளாரித்ரோமைசின் முதல் தடவையே பாதி பலமிழந்திருக்கும்.

இரண்டாவது, அமில மாத்திரையின் நேரம். அது சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட வேண்டியது. சாப்பிடும்போது வயிறு அமிலம் சுரக்க ஆரம்பிக்கும், சுரக்கிற இடங்களைத்தான் அந்த மருந்து அடைக்கும். ரத்தத்தில் அது ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே குறையத் தொடங்கிவிடும். நம்மவர் காலை ஐந்து மணிக்கு டீயோடு போட்டுவிட்டுக் களத்துக்குப் போய், பத்து மணிக்குத்தான் பழைய சோறு சாப்பிடுவார். சாப்பிடும் நேரத்தில் மருந்தே இல்லை. ஒரு வேளைகூட விடவில்லை என்று அவர் சொன்னது சத்தியம், ஆனால் பாதி மருந்து வேலை செய்யவில்லை. புகைபிடிப்பதும் குணமாகும் வாய்ப்பைக் குறைக்கும், அந்தப் பதினான்கு நாளாவது விடுங்கள்.

அதே கிட்டை இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கலாமுங்களா?

கூடாது. ஒருமுறை தோற்ற சிகிச்சையில் கிளாரித்ரோமைசின் இருந்திருந்தால் அடுத்ததில் அது வரக் கூடாது. லெவோஃப்லாக்சசினுக்கும் அதே விதி. இந்த இரண்டிலும் கிருமி பழகிவிட்டால் அளவைக் கூட்டினாலும் பலனில்லை. அமாக்சிசிலினையும் டெட்ராசைக்ளினையும் திரும்பத் தரலாம், அவற்றுக்குக் கிருமி அவ்வளவாகப் பழகுவதில்லை. மெட்ரோனிடசோலுக்குப் பழகியிருந்தாலும் பிஸ்மத்தோடு முழு அளவில் பதினான்கு நாள் கொடுத்தால் பலருக்கு வேலை செய்கிறது.

அதனால்தான் பழைய சீட்டையும் காலி அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். “வெள்ளையா ஒண்ணு, சிவப்புக் கேப்சூல் ஒண்ணு” என்று சொன்னால் அடுத்த மருத்துவரால் எதையும் ஒதுக்க முடியாது. அட்டையை போனில் ஒரு படம் எடுத்து வைத்தாலே போதும்.

மலம் கருப்பா போகுதுங்க, நாக்கும் கருப்பாயிருச்சு. நிறுத்திரட்டுமா?

பிஸ்மத் சாப்பிடும்போது இரண்டும் சகஜம், முடிந்ததும் சரியாகிவிடும். பிஸ்மத் கருப்பு சாதாரண மலம் மாதிரியே இருக்கும், நிறம் மட்டும் மாறும். ரத்தம் கலந்தது பிசுபிசுவென்று தார் மாதிரி ஒட்டும், நாற்றம் வேறு மாதிரி இருக்கும், தலை சுற்றும், படபடப்பு வரும். இரண்டாவது வகை என்றால் மணி பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாயில் இரும்பு நக்கிய மாதிரி ருசி மெட்ரோனிடசோலாலும் கிளாரித்ரோமைசினாலும் வரும். குமட்டலுக்கு மருத்துவரிடம் மாத்திரை கேட்கலாம். உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் மட்டும் அடுத்த வேளை போடாமல் உடனே போங்கள். பென்சிலின் ஊசி முன்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள், அமாக்சிசிலினும் அதே இனம்.

பால், தயிர், மோரெல்லாம் ஆகுமுங்களா? ஞாயித்துக்கெழம மட்டும் கொஞ்சம் குடிப்பேன்.

டெட்ராசைக்ளின் இல்லாத முறையில் தயிர், மோர் தாராளமாகச் சாப்பிடலாம். டெட்ராசைக்ளின் இருந்தால் பால், தயிர், மோர், கால்சியம், இரும்பு மாத்திரை எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், இவை அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்த கையோடு மாத்திரை போடுவது நம் வழக்கம், அந்தப் பதினான்கு நாளைக்கு ரசத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். டெட்ராசைக்ளினை ஒரு சொம்புத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கே புண் வரும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது கிடையாது.

குடி வேண்டாம். மெட்ரோனிடசோலோடு சேர்ந்தால் வாந்தி, படபடப்பு, முகம் சிவப்பது எல்லாம் வரலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் மூன்று நாள் விட வேண்டும். இதைச் சொன்னதும் சிலர் ஞாயிற்றுக்கிழமை குடிப்பதற்காகச் சனிக்கிழமையிலிருந்து மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். பதினான்கு நாளில் இரண்டு ஞாயிறு வரும், நான்கு நாள் மருந்து போய்விடும். கோயில் நோன்பு, கிடா விருந்து எதுவும் இல்லாத இரண்டு வாரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.

வலி சுத்தமா நின்னுருச்சுங்க. திரும்ப எதுக்கு டெஸ்ட்டு?

வலி நிற்பது அமில மாத்திரையாலும் நிற்கும். கிருமி மிஞ்சியிருந்தால் சில மாதத்தில் புண் திரும்பும். அதனால் மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து ஊதும் டெஸ்ட்டோ மல டெஸ்ட்டோ எடுக்க வேண்டும். கடைசி இரண்டு வாரம் அமில மாத்திரை இல்லாமல் இருந்திருக்க வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான். சீக்கிரம் எடுத்தால் அரைகுறையாக அடங்கிய கிருமி தெரியாது.

காங்கயத்துக்காரரை மூன்றாவது தடவை எங்கள் பக்கத்துக் கிளினிக்கில் பார்த்தபோது மருத்துவர் முதலில் புது மருந்து எழுதவில்லை. பான்டோபிரசோலை நிறுத்தி இரண்டு வாரம் சிரப்பில் ஓட்டச் சொன்னார். ஊதும் டெஸ்ட் பாசிட்டிவ். அப்புறம்தான் பிஸ்மத் நான்கு மருந்து முறை, பதினான்கு நாள். அவருடைய வீட்டுக்கார அம்மா ஒரு நோட்டில் கட்டம் போட்டு வந்தார். அதில் நாங்கள் உட்கார்ந்து நேரம் குறித்தோம்: ஏழரைக்கு அமில மாத்திரை, எட்டு மணிக்குக் களத்திலேயே டிபன், அதன் பின் மற்ற மூன்றும். மதியம் சாப்பிட்டு ஒரு வேளை, மாலை பலகாரத்துக்குப் பின் ஒரு வேளை. இரவு ஏழரைக்குத் திரும்ப அமில மாத்திரை, எட்டுக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குக் கடைசி வேளை, ஒன்பதரைக்கு மேல் படுக்கை. நான்காவது நாள் கருப்பு மலத்தைப் பார்த்துப் பயந்து போன் செய்தார், ஏழாவது நாள் சோறே பிடிக்கவில்லை என்றார். ஒரு கட்டம் விடாமல் டிக் போட்டு முடித்தார். ஆறு வாரம் கழித்து ஊதும் டெஸ்ட் நெகட்டிவ். இந்தத் தடவை டெஸ்ட்டுக்கு முன்பு ஒரு கேஸ் மாத்திரையும் இல்லை, அதனால் அந்த நெகட்டிவை நம்பினோம்.

எனக்குப் போயிருச்சு. வீட்டுக்காரம்மா மூலமா திரும்ப ஒட்டிக்குமுங்களா?

வாய்ப்பு இருக்கிறது, ஆனால் முதல் வருஷத்துக்குள் திரும்பத் தெரிவது பெரும்பாலும் முழுதாகச் சாகாத பழைய கிருமிதான். புதிதாக ஒட்டியதென்று வீட்டில் இருப்பவர்கள் மேல் பழி போட வேண்டாம். வீட்டில் யாருக்காவது வயிற்றுத் தொந்தரவு இருந்தால், அல்லது குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் இருந்தால், அவர்களையும் டெஸ்ட் செய்துவிடுவது நல்லது. டெஸ்ட் இல்லாமல் உங்கள் சீட்டைக் காட்டி அவர்களுக்கும் மருந்து வாங்காதீர்கள்.

ரெண்டு தடவை முடிச்சும் பாசிட்டிவ்வுங்க. இனி மருந்தே இல்லீங்களா?

இருக்கிறது. முதலில் அந்த இரண்டாவது பாசிட்டிவ் எந்த டெஸ்ட்டில் வந்தது என்று பாருங்கள். ரத்தத்தில் என்றால் அதை விட்டுவிட்டுச் சரியான டெஸ்ட் எடுக்க வேண்டும். உண்மையாகவே பாசிட்டிவ் என்றால், இதுவரை சாப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளின் பட்டியலை எழுதிக்கொண்டு போங்கள். பிஸ்மத் முறையை இன்னும் கொடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் அதுதான் அடுத்தது. அமிலத்தை இன்னும் பலமாக அடக்கும் வோனோபிரசான் இப்போது இங்கேயும் வந்திருக்கிறது, அதையும் அமாக்சிசிலினையும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. ரிஃபாபுடின் என்றொரு மருந்தும் உண்டு, ஆனால் அது காசநோய் மருந்தின் உறவு. காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் அதை யோசித்துத்தான் எடுப்பார்கள்.

எண்டோஸ்கோபியில் எடுத்த சதையிலிருந்து கிருமியை வளர்த்தோ, அதன் மரபணுவைப் பார்த்தோ, எந்த மருந்துக்கு மசியும் என்று கண்டுபிடிக்கலாம். வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பாருங்கள். வளர்ப்பது கஷ்டமான கிருமி, சதை லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள் செத்துவிட்டால் வளராது. இதற்காகக் கேமரா விழுங்குவதற்கு முன்பும் அமில மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்த வேண்டும். ஒருமுறை தோற்றதும் அடுத்த நாளே அடுத்த மருந்து ஆரம்பிக்க வேண்டிய அவசரமும் இல்லை. ரத்தம் போகாத புண்ணை அமில மாத்திரையிலேயே சில வாரம் பார்த்துக்கொள்ளலாம், அந்த இடைவெளியில் பழைய சீட்டுகளைத் தேடி எடுங்கள்.